ஆர்எஸ்ஐ கணக்கு: 14 நாள் முடிஞ்ச பிறகுதான் விஷயமே ஆரம்பிக்குது

ஒரே பங்கு. ஒரே நாள். ஒரே குளோசிங் விலை.

ஒரு ஆப்ல ஆர்எஸ்ஐ 56.5னு காட்டுது. இன்னொண்ணுல 53.3. சொந்தமா பைத்தான்ல கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கு 49 வருது. இதுல எது சரி?

பங்குச் சந்தை பத்திப் பேசுற வாட்ஸ்அப் குழுக்கள்ல இந்தக் கேள்வி அடிக்கடி வந்துக்கிட்டே இருக்கு. "டேட்டா லேட்டா வந்திருக்கும்"னு ஒருத்தர் சொல்வாரு. "ரவுண்டிங் வித்தியாசம்தான், விடுங்க"ன்னு இன்னொருத்தர் முடிச்சு வெச்சிடுவாரு. எரிச்சல் வர்ற இடமே அதுதான். ரவுண்டிங்ல 0.01 மாறும், ஏழு புள்ளி மாறாது. 49ன்னா இறங்குற கை கொஞ்சம் ஓங்கியிருக்குன்னு அர்த்தம், 56ன்னா ஏறுற கை ஓங்கியிருக்குன்னு அர்த்தம். ஒரே பங்குக்கு ரெண்டும் எப்படி வருது?

70க்கு மேல போனா ஓவர்பாட், 30க்குக் கீழ வந்தா ஓவர்சோல்டுன்னு சொல்லிக் கொடுக்க ஆயிரம் வீடியோ இருக்கு. அந்த எண் எப்படி வருதுன்னு கேட்டா, எல்லாரும் ஒரு ஃபார்முலாவைக் காட்டிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போயிடுறாங்க. அந்த ஃபார்முலா சரிதான். ஆனா அது கணக்கோட கடைசி வரி. அதுக்கு முன்னாடி ஒரு வரி இருக்கு, அதுலதான் மூணு விடையும் பிரியுது. அந்த வரி எங்கிருந்து வந்ததுன்னு தெரியணும்னா 1978க்குப் போகணும்.

அந்த வருஷம் அமெரிக்காவுல ஜெ. வெல்ஸ் வைல்டர்னு ஒருத்தர் 'நியூ கான்செப்ட்ஸ் இன் டெக்னிக்கல் டிரேடிங் சிஸ்டம்ஸ்'னு ஒரு புத்தகம் போட்டாரு. படிப்பு மெக்கானிக்கல் இன்ஜினியரிங், தொழில் ரியல் எஸ்டேட், அங்கிருந்து கமாடிட்டி சந்தைக்கு வந்தவர். இன்னைக்கு எந்த சார்ட் ஆப்பைத் திறந்தாலும் கண்ணுல படுற ஏடிஆர், ஏடிஎக்ஸ், பாரபோலிக் எஸ்ஏஆர், ஆர்எஸ்ஐ எல்லாமே அந்த ஒரே புத்தகத்துல வந்தது. (ஒரு மனுஷன், ஒரு புத்தகம், நாலு இண்டிகேட்டர். சந்தை வரலாற்றுல இது பெரிய ஆச்சரியம்.)

அவர் ஆர்எஸ்ஐயை எழுதினது அப்போ புழக்கத்துல இருந்த மொமெண்டம் கணக்குல அவர் கண்ட மூணு குறைகளுக்கு மருந்தாத்தான். மொமெண்டம்னா ரொம்ப எளிமை: இன்னைக்கு விலையில இருந்து 10 நாள் முந்தைய விலையைக் கழிச்சா வர்றது.

முதல் குறை, பழைய நாள் செய்யுற குழப்பம். 10 நாளைக்கு முன்னாடி விலை தடால்னு விழுந்திருந்தா, இன்னைக்கு விலை அசையாம நின்னாக்கூட மொமெண்டம் கோடு துள்ளிக் குதிக்கும். இன்னைக்குச் சந்தையில ஒண்ணுமே நடக்கலை, ஆனா கோடு நடந்த மாதிரி சொல்லும். ரெண்டாவது, அளவுகோல் இல்லாதது. 3,000 ரூபாய் பங்குக்கு 40 ரூபாய் மொமெண்டம்னா சின்ன விஷயம், 100 ரூபாய் பங்குக்கு அதே 40னா பூகம்பம். ரெண்டையும் ஒரே தாள்ல வெச்சு ஒப்பிட முடியாது. மூணாவது, பழைய விலைகளைக் குவிச்சு வெச்சுக்கிட்டே இருக்க வேண்டிய வேலை. அது கால்குலேட்டரும் பென்சிலும் வெச்சு, கட்டம் போட்ட தாள்ல தினமும் ஒரு வரி நிரப்பின காலம். எத்தனை கமாடிட்டியைப் பின்தொடர்றாங்களோ அத்தனை தாள்.

ஆர்எஸ்ஐயோட ஒவ்வொரு பகுதியும் இந்த மூணுல ஏதோ ஒண்ணுக்கான பதில். இதை மனசுல வெச்சுக்கிட்டு கணக்குக்குள்ள போகலாம்.

விலைகள் கற்பனை. மனக்கணக்கா போட வசதியா முழு ரூபாயில இருக்கு. ஒரு பங்கோட 15 நாள் குளோசிங் விலைன்னு வெச்சுக்கங்க:

```
200  204  202  205  209
208  208  213  209  211
215  210  215  213  214
```

14 நாள் ஆர்எஸ்ஐக்கு 15 விலை எதுக்குன்னு தோணும். வேணுங்கிறது விலை இல்லை, விலை மாற்றம். 15 விலை இருந்தாத்தான் நடுவுல 14 மாற்றம் கிடைக்கும். வரிசையா அந்த மாற்றங்கள்:

```
+4  -2  +3  +4  -1   0  +5
-4  +2  +4  -5  +5  -2  +1
```

இதை ரெண்டு பத்தியாப் பிரிக்கணும். ஏறின நாள்னா ஏறின தொகை ஏற்றப் பத்திக்குப் போகும், இறக்கப் பத்தியில 0. இறங்கின நாள்னா அப்படியே தலைகீழ், ஆனா இறக்கத்தை மைனஸ் குறி இல்லாம எழுதணும். 4 ரூபாய் இறங்கினா இறக்கம் 4, அவ்வளவுதான். மைனஸோட விட்டா கடைசியில ஆர்எஸ்ஐ 100ஐத் தாண்டிப் போகும், இல்லைன்னா பூஜ்யத்துக்குக் கீழ போகும். அந்த மாதிரி ஒரு எண்ணைப் பார்த்தா வேற எங்கயும் தேட வேண்டாம், மைனஸ் குறியைத் தேடுங்க.

ஏற்றங்களைக் கூட்டினா 4, 3, 4, 5, 2, 4, 5, 1. மொத்தம் 28. இறக்கங்கள் 2, 1, 4, 5, 2. மொத்தம் 14. ஏற்றத்துல இருந்து இறக்கத்தைக் கழிச்சா 14, அதே அளவுதான் விலையும் 200ல இருந்து 214க்கு வந்திருக்கு. (இந்தச் சரிபார்ப்பை எப்பவும் செஞ்சுக்கலாம். பொருந்தலைன்னா எங்கயோ ஒரு மாற்றம் விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.)

இப்போ சராசரி. 28ஐ 14ஆல வகுத்தா 2. இதுதான் ஆவரேஜ் கெயின், சராசரி ஏற்றம். 14ஐ 14ஆல வகுத்தா 1. இது சராசரி இறக்கம்.

இங்க ரொம்பப் பேர் சறுக்குறாங்க. ஏறின நாள் 8, இறங்கின நாள் 5, அசையாத நாள் 1. பள்ளிக்கூடத்துல படிச்ச சராசரிப்படி 28ஐ 8ஆலயும் 14ஐ 5ஆலயும் வகுக்கத்தான் கை போகும். அப்படிச் செஞ்சா ஏற்றம் 3.5, இறக்கம் 2.8, ஆர்எஸ்ஐ 55.56னு வரும். சரியான விடை 66.67. பதினோரு புள்ளி வித்தியாசம்! 8 நாள் ஏறியிருக்கு, 5 நாள்தான் இறங்கியிருக்குங்கிற தகவலே அந்த வகுத்தல்ல அழிஞ்சுபோயிடுது. ஏறாத நாளை 0 ரூபாய் ஏறின நாளா எண்ணினாத்தான், எவ்வளவு ஏறுச்சுங்கிறதோட எத்தனை தடவை ஏறுச்சுங்கிறதும் சராசரிக்குள்ள வரும்.

அடுத்தது அந்தப் பிரபலமான ஃபார்முலா. சராசரி ஏற்றத்தை சராசரி இறக்கத்தால வகுத்தா ஆர்எஸ். இங்க 2/1, அதாவது 2. அதைப் போட்டா:

```
RSI = 100 - 100 / (1 + RS)
    = 100 - 100 / 3
    = 66.67
```

பார்க்க மிரட்டலா இருக்கு. கொஞ்சம் மடக்கி எழுதினா உள்ள இருக்கிறது ரொம்பச் சாது:

```
RSI = 100 * G / (G + L)
```

G சராசரி ஏற்றம், L சராசரி இறக்கம். மொத்த அசைவுல ஏற்றத்தோட பங்கு எத்தனை சதவீதம்? அவ்வளவுதான் ஆர்எஸ்ஐ. சராசரியா 3 ரூபாய் அசைவு இருந்தது, அதுல 2 ரூபாய் மேல் நோக்கி. மூணுல ரெண்டு பங்கு, 66.67. வைல்டரோட ரெண்டாவது குறைக்கு மருந்து இதுதான். ரூபாய்ங்கிற அலகே மேலயும் கீழயும் அடிபட்டுப் போயிடுது, 3,000 ரூபாய் பங்கும் 100 ரூபாய் பங்கும் 0 முதல் 100ங்கிற ஒரே கோட்டுல உட்கார்ந்திடுது.

இன்னொரு வசதியும் உண்டு. 14 நாளும் ஒரு நாள்கூட இறங்காத பங்குன்னா L பூஜ்யம். பிரபலமான ஃபார்முலாவுல பூஜ்யத்தால வகுக்கச் சொல்லும், எக்ஸெல் பிழை காட்டும். மடக்கின ஃபார்முலா பாட்டுக்கு 100னு சொல்லிடும். விலை துளிகூட அசையாம இருந்து ரெண்டும் பூஜ்யமா இருந்தா மட்டும் எந்த ஃபார்முலாவுக்கும் விடை இல்லை. வர்த்தகமே நடக்காத சின்னப் பங்குகள்ல இது வரும். அந்த இடத்துல ஆர்எஸ்ஐ என்ன சொல்லுதுன்னு பார்க்கவே கூடாது.

சரி, 66.67 வந்தாச்சு. பெரும்பாலான விளக்கங்கள் இங்க முடிஞ்சுடுது. வைல்டரோட கணக்கு இங்கதான் ஆரம்பிக்குது.

மாற்றங்களை வெச்சு எண்ணினா அடுத்தது 15ஆவது நாள். விலை 7 ரூபாய் இறங்கி 207.

இப்போ என்ன செய்யணும்? தோணுற வழி, முதல் நாளோட +4ஐத் தூக்கிட்டு இன்னைக்கு -7ஐச் சேர்த்து மறுபடி 14 நாள் கூட்டல் போடுறது. வைல்டர் அதைச் செய்யலை. நேத்து வந்த சராசரியை 13ஆல பெருக்கி, இன்னைக்கு மாற்றத்தைக் கூட்டி, 14ஆல வகுத்தாரு.

```
G = (2 * 13 + 0) / 14 = 1.857
L = (1 * 13 + 7) / 14 = 1.429
RSI = 100 * 1.857 / (1.857 + 1.429) = 56.52
```

இறங்கின நாள்ங்கிறதால ஏற்றப் பக்கம் 0. ஆனா ஏற்றப் பக்கத்தைத் தொடாம விட்டுடக் கூடாது, 13ஆல பெருக்கி 14ஆல வகுக்கிறது அங்கயும் நடந்தே ஆகணும். 'இன்னைக்கு ஏற்றம் இல்லையே'ன்னு நேத்து 2ஐ அப்படியே வெச்சா அதுவும் தப்பான கணக்கு.

14 லிட்டர் பிடிக்கிற குடத்துல இருந்து தினமும் ஒரு லிட்டரை எடுத்துட்டு, புதுசா ஒரு லிட்டர் ஊத்திக் கலக்குற மாதிரி இது. எடுக்குற ஒரு லிட்டர் எந்தக் குறிப்பிட்ட நாளோட தண்ணியும் இல்லை, எல்லா நாளும் கலந்தது. அதனால பழைய நாள் எதுவும் ஒரே அடியா வெளிய போறதில்லை, கொஞ்சம் கொஞ்சமா நீர்த்துத்தான் போகுது. இதைத்தான் வைல்டர் ஸ்மூத்திங்னு சொல்றாங்க. டிரேடிங்வியூவோட பைன் ஸ்கிரிப்ட்ல இதுக்கு `ta.rma`ன்னு பேர்.

மூணாவது குறைக்கும் இதே வரிதான் மருந்து. 14 நாள் விலையைச் சுமக்க வேண்டாம். நேத்து குளோசிங், நேத்து சராசரி ஏற்றம், நேத்து சராசரி இறக்கம், இந்த மூணு எண் போதும். தாள்ல ஒரு வரி, கால்குலேட்டர்ல ரெண்டு கணக்கு, அன்னைக்கு வேலை முடிஞ்சது.

இப்போ ஆரம்பத்துல வந்த மூணு விடைக்கு வருவோம்.

அதே 15ஆவது நாளை எளிய சராசரியில போட்டா? முதல் நாளோட 4 வெளிய போகுது, ஏற்றம் 24. இறக்கம் 14ம் 7ம் சேர்ந்து 21. 24ஐ 45ஆல வகுத்தா 53.33. இதை ஆர்எஸ்ஐயோட கட்லர் வடிவம்னு சொல்லுவாங்க, தப்புன்னு ஒதுக்க முடியாது, ஆனா இது வைல்டர் எழுதினது இல்லை.

மூணாவது விடை எக்ஸ்போனென்ஷியல் சராசரியில இருந்து வருது. இஎம்ஏல 14 நாள்னா புது நாளுக்கு 15ல 2 பங்கு எடை. வைல்டர்ல 14ல 1 பங்குதான். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம்! அதே 2, 1ல ஆரம்பிச்சா ஏற்றம் 26/15, அதாவது 1.733. இறக்கம் 13ம் 14ம் சேர்ந்து 27/15, அதாவது 1.8. ஆர்எஸ்ஐ 49.06.

56.52, 53.33, 49.06. டேட்டாவும் பொய் சொல்லலை, ரவுண்டிங்கும் இல்லை. மூணு பேர் மூணு சராசரி எடுத்திருக்காங்க, மூணுக்கும் ஒரே பேர் வெச்சிருக்காங்க.

பைத்தான்ல பாண்டாஸ் வெச்சு எழுதுறவங்க கிட்ட இந்தக் குழப்பம் அதிகம். 14னு எழுதியிருக்கிறதைப் பார்த்ததும் மூணும் ஒண்ணு மாதிரியே தெரியும்:

```python
gain.rolling(14).mean()
gain.ewm(span=14, adjust=False).mean()
gain.ewm(alpha=1/14, adjust=False).mean()
```

முதல் வரி எளிய சராசரி, ரெண்டாவது இஎம்ஏ, மூணாவதுதான் வைல்டர். ரெண்டாவது வரியையே வெச்சுக்கிட்டு வைல்டர் விடை வேணும்னா 14க்குப் பதிலா 27னு போடணும். 27 நாள் இஎம்ஏல புது நாளுக்கு 28ல 2 பங்கு எடை. அதுவும் 14ல 1ம் ஒண்ணுதானே.

எது நல்ல சராசரின்னு கேட்டா, இந்த எழுத்து வைல்டர் பக்கம்தான் நிக்கும். காரணம் 17ஆவது நாள்ல தெரியும். 16ஆவது நாள் விலை 4 ரூபாய் ஏறி 211னு வெச்சுக்குவோம். வைல்டர் முறையில ஆர்எஸ்ஐ 60.24. எளிய முறையில ரெண்டாம் நாளோட இறக்கம் 2 வெளிய போக, ஏற்றம் 28, இறக்கம் 19, ஆர்எஸ்ஐ 59.57. கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

17ஆவது நாள் விலை அசையவே இல்லை. 211லயே முடியுது.

எளிய முறையில மூணாம் நாளோட +3 ஜன்னலை விட்டு வெளிய போயிடுது. ஏற்றம் 25, இறக்கம் 19, ஆர்எஸ்ஐ 56.82. விலை ஒரு பைசா மாறலை, ஆர்எஸ்ஐ மட்டும் கிட்டத்தட்ட மூணு புள்ளி விழுந்திடுச்சு! சார்ட்டைப் பார்க்குறவர் 'பலம் குறையுது'ன்னு நினைப்பாரு. குறைஞ்சது இன்னைக்குப் பலம் இல்லை, ரெண்டு வாரத்துக்கு மேல பழசான ஒரு நாள் கணக்கை விட்டுப் போச்சு. வைல்டர் முறையில ஏற்றமும் இறக்கமும் ரெண்டுமே 13ஆல பெருகி 14ஆல வகுபடுது, விகிதம் மாறாது. நேத்து 60.24, இன்னைக்கும் 60.24. அசையாத நாள்ல அசையாத ஆர்எஸ்ஐ. முதல் குறைக்கான மருந்து, ஒரே ஒரு வரிக் கணக்குல. (அழகான கணக்குன்னு இதைச் சொல்லாம வேற எதைச் சொல்றது?)

இதை வெச்சு உங்க ஆப் எந்த முறைன்னு கண்டுபிடிச்சுடலாம். குளோசிங் விலை முந்தின நாள் மாதிரியே முடிஞ்ச ஒரு நாளைத் தேடுங்க. அன்னைக்கு ஆர்எஸ்ஐ கோடு படுத்துக் கிடந்தா எளிய சராசரியா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. அசைஞ்சிருந்தா அது வைல்டர் இல்லை. இஎம்ஏயும் அசையாத நாள்ல அசையாதுங்கிறதால, வைல்டரா இஎம்ஏயான்னு பிரிக்க ஒரு பெரிய ஏற்றமோ இறக்கமோ வந்த நாளைக் கையால கணக்குப் போட்டுத்தான் பார்க்கணும்.

எக்ஸெல்ல போடுறவங்களுக்கு முழுசும் இவ்வளவுதான். B பத்தியில குளோசிங், முதல் விலை B2ல:

```
C3:  =MAX(B3-B2,0)
D3:  =MAX(B2-B3,0)
E16: =AVERAGE(C3:C16)
F16: =AVERAGE(D3:D16)
E17: =(E16*13+C17)/14
F17: =(F16*13+D17)/14
G16: =100*E16/(E16+F16)
```

C3, D3, G16ஐக் கீழ இழுத்துடுங்க. E16, F16ஐ மட்டும் இழுக்கக் கூடாது, அவை ஒரு தடவை மட்டும் வர்ற தொடக்கம். அதுக்குக் கீழ E17, F17தான் இழுபடணும். E16ஐ இழுத்துட்டா அந்த நிமிஷமே கணக்கு எளிய சராசரியா மாறிடும், எந்தப் பிழையும் காட்டாது.

எல்லாத்தையும் சரியாப் போட்ட பிறகும் ஆப்போட எண் பொருந்தாம போகலாம். முறை ஒண்ணு, விலை ஒண்ணு, ஃபார்முலா ஒண்ணு, விடை மட்டும் வேற. இதுக்குக் காரணம் குடத்துல முதல்ல இருந்த தண்ணி.

நம்ம கணக்கு 15 விலையோட ஆரம்பிச்சது. ஆப் கிட்ட பல வருஷ விலை இருக்கு. நம்மளோட முதல் நாள் அதுக்கு ஏதோ ஒரு நடு நாள். இந்தப் பங்கு அதுக்கு முன்னாடி இறங்கிக்கிட்டு இருந்து, நம்ம 200 ரூபாய் நாள்ல ஆப்போட கணக்குல சராசரி ஏற்றம் 1.5, சராசரி இறக்கம் 2 இருந்ததுன்னு வெச்சுக்குவோம். அங்கிருந்து அதே 14 மாற்றத்தையும் ஒவ்வொரு நாளா வைல்டர் வரியில ஓட்டினா, 14ஆவது நாள்ல ஏற்றம் சுமார் 1.77, இறக்கம் சுமார் 1.41. ஆர்எஸ்ஐ 55.8. நம்ம எக்ஸெல்ல 66.67. ரெண்டு கணக்குலயும் பிழையே இல்லை, பழைய இறக்கத்தோட ஞாபகம் ஒண்ணுல இருக்கு, இன்னொண்ணுல இல்லை.

அந்த ஞாபகம் எவ்வளவு நாள் தங்கும்னு கணக்குப் போடலாம். தினமும் 14ல 13 பங்கு மிஞ்சுது. 14 நாள் கழிச்சும் தொடக்கத்தோட 35 சதவீதம் உள்ள இருக்கு. 30 நாள்ல சுமார் 11 சதவீதம். 50 நாள்ல 2.5 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழ. 100 நாள்ல 0.06 சதவீதம், அது எந்தத் திரையிலயும் தெரியாது. '14 நாள் ஆர்எஸ்ஐ'ங்கிற பேரைக் கேட்டு 14 நாள்தான் உள்ள இருக்குன்னு நினைக்கிறது இயல்பு. உண்மையில மூணு மாச விலை அதுக்குள்ள நீர்த்துப்போய்க் கிடக்குது. அதனால எக்ஸெல்ல குறைஞ்சது 100 நாள் பழைய விலையை முதல்ல ஓட்டிட்டு, அதுக்கப்புறம் வர்ற எண்ணை மட்டும் நம்புறது பத்திரம். ஒரு வருஷ விலை இருந்தா இன்னும் நிம்மதி.

புதுசா பட்டியலான பங்குகள்ல இந்த வசதி கிடையாது. ஐபிஓ முடிஞ்சு ஒரு மாசம் ஆன பங்கோட ஆர்எஸ்ஐ எந்த ஆப்ல பார்த்தாலும் தொடக்கத்தோட சாயல் கலந்ததுதான். பட்டியலான மறுநாள் 40 ரூபாய் குதிச்சிருந்தா அந்தக் குதி பல வாரம் எண்ணைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கும்.

இன்னொரு வில்லங்கம் விலைப் பட்டியல்லயே இருக்கும். 2024 அக்டோபர்ல ரிலையன்ஸ் ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ் கொடுத்தது. ஒரு பங்கு வெச்சிருந்தவருக்கு ரெண்டு ஆச்சு, விலை பாதியாச்சு, யாருக்கும் நஷ்டம் இல்லை. சார்ட் ஆப்கள் பொதுவா பழைய விலைகளையும் பாதியாக்கித் திருத்திடும். ஆனா என்எஸ்இ தினமும் வெளியிடுற பாவ்காப்பியில அன்னன்னைக்கு நடந்த விலைதான் இருக்கும். அதை நாள் நாளா ஒட்டி எக்ஸெல்ல போட்டவருக்கு அந்த ஒரு நாள் மாபெரும் வீழ்ச்சியாத் தெரியும்.

நம்ம பங்குலயே பார்க்கலாம். 214 ரூபாய் பங்கு போனஸ் கொடுத்து அடுத்த நாள் 107ல முடியுது. நிஜத்துல மாற்றமே இல்லை, ஆர்எஸ்ஐ 66.67லயே நிக்கணும். திருத்தாத கணக்குல அன்னைக்கு இறக்கம் 107. ஏற்றப் பக்கம் 26, இறக்கப் பக்கம் 13ம் 107ம் சேர்ந்து 120. 26ஐ 146ஆல வகுத்தா ஆர்எஸ்ஐ 17.8. 'ஓவர்சோல்ட், வாங்கலாம்'னு ஸ்கேனர் கத்தும். வைல்டர் கணக்கு எதையும் சட்டுன்னு மறக்காதுங்கிறதால, இல்லாத அந்த வீழ்ச்சி மாசக்கணக்குல எண்ணைக் கீழ இழுக்கும். ஒரே நாள்ல ஆர்எஸ்ஐ 20க்குக் கீழ பாய்ஞ்சிருந்தா, வாங்க நினைக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தேதியில போனஸோ ஸ்பிளிட்டோ இருக்கான்னு பாருங்க.

ஒரே நாள்ல அவ்வளவு தூரம் நிஜமாவே விழுறது எவ்வளவு கஷ்டம்னும் இதே வரி சொல்லிடும். கணக்கைத் திருப்பிப் போடணும், அவ்வளவுதான். 14ஆவது நாள் முடிவுல G 2, L 1, விலை 214. நாளைக்கு ஆர்எஸ்ஐ 70ஐத் தொட விலை எங்க முடியணும்? இறக்கப் பக்கம் 13, அது மொத்தத்துல 30 சதவீதமா இருக்கணும். அப்போ மொத்தம் 43.33, ஏற்றப் பக்கம் 30.33. ஏற்கெனவே 26 இருக்கு, மிச்சம் 4.33. ஆக, 218.33ல முடிஞ்சா 70.

50க்கு வரணும்னா ரெண்டு பக்கமும் சமம் ஆகணும், 26க்கு 26. இறக்கம் இன்னும் 13 ரூபாய் வேணும். விலை 201. 30க்கு வரணும்னா? 26ங்கிறது மொத்தத்துல 30 சதவீதம், மொத்தம் 86.67, இறக்கம் இன்னும் 47.67 வேணும். விலை 166.33. ஒரே நாள்ல 22 சதவீத வீழ்ச்சி! 66லயிருந்து 70க்குப் போக 2 சதவீத ஏற்றம் போதும், 30க்கு வர 22 சதவீதம் விழணும்.

சந்தை முடியுறதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது 'ஆர்எஸ்ஐ 70ஐ உடைச்சிடுச்சு'ன்னு திரை காட்டினா, இந்தத் திருப்பிப் போட்ட கணக்கு கையில இருக்கிறவர் ஆர்எஸ்ஐயைப் பார்க்க மாட்டாரு. நேத்து ராத்திரியே எக்ஸெல்ல வந்த 218.33ங்கிற விலையை எழுதி வெச்சுட்டு, குளோசிங் அதுக்கு மேலயா கீழயான்னு மட்டும் பார்ப்பாரு. 3.20 மணிக்கு 219ல இருந்து 70க்கு மேல தெரிஞ்ச ஆர்எஸ்ஐ, 217ல முடிஞ்சா 69.05ஆ இறங்கி உட்கார்ந்திடும். அன்னைக்குத் தாள்ல ஏறுறது அந்த 69.05 மட்டும்தான்.